ஐம்பதுகளில் மூன்றே பேர்

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் திருத்தி முடிந்ததும் உயர்நிலைப் பள்ளிகளில் மீளாய்வுக் கூட்டம் நடக்கும். பாட ஆசிரியர் எழுந்து பெரும்பாலும் இரண்டு எண்களைச் சொல்வார். ஒன்று தேர்ச்சி சதவீதம், மற்றொன்று வகுப்புச் சராசரி. பத்தாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 40 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் பாடத்தில் அ பிரிவின் சராசரி 54, ஆ பிரிவின் சராசரியும் 54. இரண்டு வகுப்பும் ஒரே நிலையில் இருப்பதாகப் பதிவேட்டில் குறித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள்.

அந்த இரண்டு வகுப்பும் ஒரே நிலையில் இல்லை. எந்த வகுப்பில் என்ன நடந்திருக்கிறது என்பது ஆசிரியரின் கையில் இருக்கும் மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது. ஒரு தாள், ஒரு பேனா, அரை மணி நேரம் ஒதுக்கினால் அதை வெளியே கொண்டுவந்துவிடலாம். எடுத்துக்காட்டாக, ஆ பிரிவின் மதிப்பெண்கள் வருகைப் பதிவேட்டு வரிசையில் இப்படி இருக்கட்டும்.

```
35 72 48 17 81 36 65 35 77 41
74 28 39 92 35 54 71 43 86 37
22 76 35 67 40 83 51 73 31 46
79 38 62 26 75 87 35 44 56 68
```

இந்த நாற்பது எண்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் மனத்தில் ஒரு வடிவம் உருவாகாது. அதனால் முதல் வேலை, இவற்றைப் பத்துப் பத்தாகப் பிரித்து, எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்று எண்ணுவது. பாடப்புத்தகம் இதை நிகழ்வெண் பரவல் என்கிறது. தாளின் இடது ஓரத்தில் 10–19, 20–29 என்று வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பட்டியலை முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை ஒரே ஒருமுறை படித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் அதற்குரிய வரியில் ஒரு கோடு போடுங்கள். ஐந்தாவது கோட்டை முந்தைய நான்கின் குறுக்கே இழுத்தால் பிறகு எண்ணுவது எளிது.

“முப்பதுகளில் யார் யார்?” என்று ஒவ்வொரு பிரிவுக்கும் பட்டியலை முதலிலிருந்து தேடுவதுதான் பலர் செய்வது. அப்படித் தேடும்போது ஓர் எண் விட்டுப்போகும், அல்லது இரண்டு முறை எண்ணப்படும். எந்த முறையில் செய்தாலும் கடைசியில் கோடுகளைக் கூட்டிப் பாருங்கள். 40 வராவிட்டால் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

கோடுகளைச் சிறு கட்டங்களாக மாற்றினால் ஆ பிரிவின் படம் இது:

```
10–19  ■
20–29  ■■■
30–39  ■■■■■■■■■■
40–49  ■■■■■■
50–59  ■■■
60–69  ■■■■
70–79  ■■■■■■■■
80–89  ■■■■
90–99  ■
```

இதை வரைபடத்தாளில் நிமிர்த்தி வரைந்தால் ஹிஸ்டோகிராம், அதாவது பாடப்புத்தகம் சொல்லும் நிகழ்வுச் செவ்வகம், கிடைத்துவிடும். கிடை அச்சில் மதிப்பெண், செங்குத்து அச்சில் மாணவர் எண்ணிக்கை. செவ்வகங்களுக்கு நடுவே இடைவெளி விடக் கூடாது. தமிழ், கணக்கு, அறிவியல் என்று தனித்தனிப் பொருள்களை ஒப்பிடும் பட்டை விளக்கப்படத்தில் இடைவெளி விடலாம். மதிப்பெண் அப்படியில்லை, அது தொடர்ந்து ஓடும் அளவு. அதனால்தான் 30–39 என்ற பிரிவை 29.5-இல் தொடங்கி 39.5-இல் முடித்து, அடுத்த செவ்வகத்தை அங்கிருந்தே எழுப்புகிறோம். இடையில் வெற்றிடம் தெரிந்தால், அந்த மதிப்பெண்ணை உண்மையிலேயே யாரும் எடுக்கவில்லை என்று பொருள்படும்.

இப்போது படத்தைப் பாருங்கள். முப்பதுகளில் ஒரு மேடு, எழுபதுகளில் இன்னொரு மேடு, நடுவே ஒரு பள்ளம். வகுப்பின் சராசரி 54. ஆனால் ஐம்பதுகளில் இருப்பவர்கள் மூன்றே பேர்! சராசரி மாணவரை மனத்தில் வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர், இந்த வகுப்பில் கிட்டத்தட்ட யாருக்குமே பாடம் நடத்தவில்லை. முப்பதுகளில் இருப்பவர்களுக்கு அது எட்டாது, எழுபதுகளில் இருப்பவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்தது.

அ பிரிவின் படம் வேறு. அங்கே முப்பதுகளில் 3 பேர், நாற்பதுகளில் 10, ஐம்பதுகளில் 15, அறுபதுகளில் 9, எழுபதுகளில் 3. நடுவில் ஒரே மேடு, இருபுறமும் சரிவு. அந்த வகுப்புக்கு 54 என்பது உண்மையான முகவரி. ஆ பிரிவில் அந்த முகவரியில் ஆளில்லை.

படம் கண்ணுக்குக் காட்டியதை எண்களாகவும் எழுதிவைக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த தேர்வோடு ஒப்பிட முடியும். மூன்று எண்கள் போதும்: கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, திட்ட விலக்கம்.

சராசரியில் சிக்கல் இல்லை. நாற்பது மதிப்பெண்களையும் கூட்டினால் 2160. அதை 40-ஆல் வகுத்தால் 54. பிரிவுகளாக எண்ணிய பிறகு, ஒவ்வொரு பிரிவின் நடுப்புள்ளியையும் எண்ணிக்கையையும் பெருக்கிச் சராசரி காணும் முறையும் பாடத்தில் உண்டு. அந்த வழியில் ஆ பிரிவுக்கு 53.75 கிடைக்கும். முப்பதுகளில் இருக்கும் பத்துப் பேரும் 34.5 எடுத்ததாக அந்த முறை எடுத்துக்கொள்வதால் வரும் சிறு வேறுபாடு இது. மூல மதிப்பெண்கள் கையில் இருக்கும்போது அந்தத் தோராயம் தேவையில்லை. பிரிவுகள் படத்துக்கு, மூல எண்கள் கணக்குக்கு என்று வைத்துக்கொள்வது நல்லது.

இடைநிலை அளவுக்கு மதிப்பெண்களை ஏறுவரிசையில் எழுத வேண்டும். 40 பேர் என்பதால் நடுவில் இரண்டு பேர் நிற்பார்கள், 20-ஆவது, 21-ஆவது. ஆ பிரிவில் 20-ஆவது மாணவர் எடுத்தது 48, அடுத்தவர் 51. இரண்டுக்கும் நடுவே 49.5. வகுப்பில் சரிபாதிப் பேர் 50-க்குக் கீழே இருக்கிறார்கள் என்பதை இந்த எண் நேரடியாகச் சொல்கிறது, சராசரி அதைச் சொல்லவில்லை. எழுபது, எண்பது எடுத்தவர்கள் சராசரியை மேலே இழுத்துவிட்டார்கள். இடைநிலை அளவு அவர்களின் எண்ணிக்கையை மட்டும் கணக்கில் எடுக்கும், அவர்கள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார்கள் என்பதைப் பொருட்படுத்தாது.

இதனாலேயே இந்த இரண்டு அளவுகளும் ஒன்றுக்கொன்று காவலாக நிற்கின்றன. கணினியில் ஏற்றும்போது 77 என்பது 770 ஆகிவிட்டது என்று வையுங்கள். சராசரி 71.3-க்குத் தாவிவிடும். இடைநிலை அளவு 49.5-இலேயே நிற்கும். இரண்டுக்கும் இவ்வளவு தூரம் விழுந்தால், வகுப்பைப் பற்றி எதுவும் சொல்வதற்கு முன் பதிவைச் சரிபார்க்க வேண்டும். இன்னொரு தவறு இதைவிட அமைதியாக நுழையும். தேர்வுக்கு வராத மாணவருக்கு 0 என்று போட்டுவிடுவார்கள். அவர் எழுதிப் பூஜ்யம் வாங்கியவராகக் கணக்கில் சேர்ந்துவிடுவார். அந்தக் கட்டத்தில் ‘வரவில்லை’ என்று எழுத்தில் குறித்தால், கணினி அவரை விட்டுவிட்டுச் சராசரி காணும்.

இனி திட்ட விலக்கம். மாணவர்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்பதே கேள்வி. 17 எடுத்தவர் 37 கீழே இருக்கிறார். 92 எடுத்தவர் 38 மேலே. 54 எடுத்த ஒரே ஒருவருக்கு விலகல் இல்லை. இப்படி நாற்பது பேருக்கும் எழுதி அப்படியே கூட்டினால் பயனில்லை. ஆ பிரிவில் கீழே இருப்பவர்களின் விலகல்கள் மொத்தம் 372, மேலே இருப்பவர்களின் விலகல்களும் சரியாக 372. ஒன்றையொன்று அழித்துவிடும். எந்த வகுப்பை எடுத்தாலும் அப்படித்தான் அழியும். அதுவே சராசரியின் இயல்பு. கைக்கணக்கில் இதை ஒரு சோதனையாகப் பயன்படுத்தலாம்: இரண்டு பக்கமும் சமமாக வராவிட்டால் கூட்டலில் எங்கோ பிழை.

குறை, மிகை என்ற வேறுபாட்டை நீக்க ஒவ்வொரு விலகலையும் வர்க்கப்படுத்துகிறோம். 37-இன் வர்க்கம் 1369, 38-இன் வர்க்கம் 1444. நாற்பது வர்க்கங்களின் கூடுதல் 17110. அதை 40-ஆல் வகுத்தால் 427.75. இது மதிப்பெண்ணின் வர்க்கமாக இருக்கிறது. மதிப்பெண்ணுக்கே திரும்ப வர்க்கமூலம் எடுத்தால் 20.7. இதுதான் ஆ பிரிவின் திட்ட விலக்கம். அ பிரிவுக்கு இதே கணக்கைப் போட்டால் 10-ஐ ஒட்டித்தான் வரும். சராசரி இரண்டிலும் 54, ஆனால் ஆ பிரிவில் மாணவர்கள் இரண்டு மடங்கு சிதறிக் கிடக்கிறார்கள். மீளாய்வுக் கூட்டத்தில் இந்த ஓர் எண்ணைக் கூடச் சொல்லியிருந்தால், இரண்டு பிரிவும் ஒன்று என்று யாரும் குறித்திருக்க மாட்டார்கள்.

கைபேசியிலோ கணினியிலோ விரிதாளில் மதிப்பெண்களை B2 முதல் B41 வரை ஏற்றியிருந்தால் இவை எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வரி போதும்.

```
=AVERAGE(B2:B41)
=MEDIAN(B2:B41)
=STDEV.P(B2:B41)
=COUNTIFS(B2:B41,">=30",B2:B41,"<=39")
```

கடைசி வரி முப்பதுகளில் இருப்பவர்களை எண்ணும். எல்லைகளை மாற்றி மற்ற பிரிவுகளையும் எண்ணிக்கொள்ளலாம். திட்ட விலக்கத்துக்கு STDEV.S என்று இன்னொரு கட்டளையும் உண்டு. அது 40-க்குப் பதில் 39-ஆல் வகுக்கும், ஆ பிரிவுக்கு 20.9 தரும். ஒரு பெரிய கூட்டத்திலிருந்து சிலரை மட்டும் எடுத்து முழுக் கூட்டத்தையும் மதிப்பிடும்போது அது தேவை. இங்கே வகுப்பு முழுவதும் நம் கையில் இருப்பதால் முதலாவதே சரி. நூற்றுக்கு நடந்த தேர்வில் முழு வகுப்பின் திட்ட விலக்கம் எந்த நிலையிலும் 50-ஐத் தாண்டாது. பாதிப் பேர் 0, பாதிப் பேர் 100 எடுத்தால்தான் 50-ஐயே தொடும். 77 என்பது 770 ஆன அந்தப் பதிவில் திட்ட விலக்கம் 113-ஐத் தாண்டும். அதைப் பார்த்த மாத்திரத்தில் பிழை என்று சொல்லிவிடலாம்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். திட்ட விலக்கம் 20.7 என்பது சிதறலின் அளவைச் சொல்கிறது, சிதறலின் வடிவத்தைச் சொல்லவில்லை. மதிப்பெண்கள் 20 முதல் 90 வரை ஒரே சீராகப் பரவியிருந்தாலும் கிட்டத்தட்ட இதே எண் வரும். வகுப்பு இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்பதைச் சொல்வது படம் மட்டுமே. ஆகவே எண்களை மட்டும் எழுதிவிட்டுப் படத்தை விட்டுவிடக் கூடாது.

படமும் எப்போதும் உண்மையைக் காட்டிவிடாது. பிரிவின் அகலத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மறைக்கவும் செய்யும். ஆ பிரிவையே 25 மதிப்பெண் அகலத்தில் வரைந்து பாருங்கள். 0–24-இல் 2 பேர், 25–49-இல் 18, 50–74-இல் 11, 75–99-இல் 9. இரண்டு மேடுகளும் போய்விட்டன, ஒரே மேடும் ஒரு நீண்ட சரிவும்தான் மிச்சம். மாறாக இரண்டிரண்டு மதிப்பெண்ணாகப் பிரித்தால் பெரும்பாலும் ஒன்றும் இரண்டுமாகக் குச்சிகள் நிற்கும், வடிவமே தெரியாது. நாற்பது பேர் உள்ள வகுப்புக்குப் பத்து மதிப்பெண் அகலத்தில் தொடங்குவது நல்லது. பிறகு அகலத்தைப் பாதியாக்கி இன்னொருமுறை வரைந்து பார்க்க வேண்டும். இரண்டு படத்திலும் தெரியும் மேட்டை நம்பலாம்.

ஐந்து மதிப்பெண் அகலத்தில் ஆ பிரிவை வரைந்தால் இரண்டு மேடுகளும் நிற்கின்றன. கூடவே இதுவரை கண்ணில் படாத ஒன்றும் தெரிகிறது. 30 முதல் 34 வரை ஒரே ஒருவர். 35 முதல் 39 வரை ஒன்பது பேர். அந்த ஒன்பதிலும் ஐந்து பேர் எடுத்தது சரியாக 35. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி மதிப்பெண் 35. முப்பதுகளை ஒரே செவ்வகமாக வரைந்தபோது தேர்ச்சிக் கோடு அதற்குள்ளேயே புதைந்து போயிருந்தது.

தேர்ச்சிக் கோட்டுக்குக் கீழே பள்ளமும் கோட்டின் மேல் திடீர் உயரமும் உலகின் பல தேர்வுகளில் காணப்படுகின்றன. போலந்தின் பள்ளி இறுதித் தேர்வான மாத்துராவில் தேர்ச்சிக்கு 30 சதவீதம் வேண்டும். 2010-களின் தொடக்க ஆண்டுகளில் அந்த நாட்டின் மத்தியத் தேர்வு ஆணையம் வெளியிட்ட போலிஷ் மொழித் தேர்வின் வரைபடங்களில், 30-க்குச் சற்று முன்பு ஒரு வெட்டும், 30-இல் ஒரு தூணும் எல்லோரும் பார்க்கும்படி இருந்தன. கட்டுரை விடைகளைத் திருத்துபவருக்கு ஒன்றிரண்டு மதிப்பெண் கூட்டிக்கொடுக்க இடம் உண்டு. கோட்டுக்கு ஒரு மதிப்பெண் கீழே ஒரு பிள்ளையை நிறுத்த மனம் வராது.

ஆ பிரிவிலும் அதுவே நடந்திருக்கலாம். 33, 34 எடுத்தவர்களைத் திருத்தியவர் 35-க்கு ஏற்றியிருக்கலாம். இன்னொரு காரணமும் இருக்கலாம். மெல்லக் கற்போருக்கெனத் தனிப் பயிற்சி தரும்போது, தேர்ச்சிக்குத் தேவையான பகுதிகளை மட்டும் திரும்பத் திரும்ப எழுத வைப்பார்கள். அந்தப் பயிற்சி சரியாக வேலை செய்தாலும் மாணவர்கள் 35-ஐத் தாண்டி அங்கேயே நிற்பார்கள். படம் ஒன்றுதான், காரணம் இரண்டு. எது என்று அறிய அந்த ஐந்து விடைத்தாள்களையும் எடுத்து, பகுதி மதிப்பெண்களைப் புதிதாகக் கூட்ட வேண்டும். மொத்தம் 33 வந்து முகப்பில் 35 என்று இருந்தால் முதல் காரணம். சரியாகவே 35 வந்து, அதில் பெரும்பகுதி ஒரு மதிப்பெண் வினாக்களிலும் வடிவியல், வரைபடத்திலுமே கிடைத்திருந்தால் இரண்டாவது. முதலாவதில் தேர்ச்சி சதவீதத்தை நம்ப முடியாது. இரண்டாவதில் தேர்ச்சி உண்மை, பாடம்தான் போய்ச் சேரவில்லை.

இந்தப் பகுதி மதிப்பெண்கள்தான் இரண்டு மேடுகளுக்கான காரணத்தையும் சொல்லும். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 14, இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு 20, ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு 50, வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் சேர்த்து 16. ஆ பிரிவில் 50-க்குக் கீழே 20 பேர், 60-க்கு மேலே 17 பேர். கீழ்க் குழுவின் சராசரி சுமார் 36, மேல் குழுவின் சராசரி சுமார் 76. இடையே 40 மதிப்பெண் தூரம். இந்தத் தூரம் எங்கே விழுந்தது என்று பகுதிவாரியாகப் பார்க்க வேண்டும். வடிவியல், வரைபடத்தில் கீழ்க் குழு 11-ம் மேல் குழு 14-ம் எடுத்திருந்து, ஐந்து மதிப்பெண் வினாக்களில் அது 9-க்கு 34 என்று இருந்தால், 40-இல் 25 அந்த ஒரே பகுதியில் போயிருக்கிறது. அளவியும் பென்சிலும் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள், இயற்கணிதக் கணக்கை நான்கைந்து படிகள் தொடர்ந்து செய்ய முடியாமல் நிற்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு வடிவியல் பயிற்சித் தாள் கொடுத்துப் பயனில்லை. எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் விட்டுப்போன காரணிப்படுத்தலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த 17 பேருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை வேண்டும்.

அடுத்த திருப்புதல் தேர்வில் சராசரி 58 ஆனது என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தில் நான்கு மதிப்பெண் முன்னேற்றம் என்று பாராட்டு கிடைக்கும். ஆசிரியர் அதற்கு முன் திட்ட விலக்கத்தைப் பார்க்க வேண்டும். 20.7-ஆக இருந்தது 24 ஆகியிருந்தால், பெரும்பாலும் எழுபதுகளில் இருந்தவர்கள் தொண்ணூறுக்குப் போயிருப்பார்கள், முப்பதுகளில் இருந்தவர்கள் அங்கேயே இருப்பார்கள். அது 16 ஆகக் குறைந்து, இடைநிலை அளவும் 49.5-லிருந்து ஐம்பதுகளின் நடுவுக்கு ஏறியிருந்தால், கீழ்க் குழு நகர்ந்திருக்கிறது. ஆனால் வினாத்தாள் மிக எளிதாக இருந்தாலும் திட்ட விலக்கம் குறையும், எல்லோரும் உச்சியை ஒட்டி நெருங்கிவிடுவார்கள் என்பதால். அப்போது படத்தின் வலது ஓரத்தில் செவ்வகங்கள் குவிந்திருக்கும், அதைப் பார்த்தே கண்டுகொள்ளலாம்.

எனவே மீளாய்வுப் படிவத்தில் தேர்ச்சி சதவீதத்துக்குப் பக்கத்தில் ஆசிரியர் தாமாகவே நான்கு விஷயங்களைச் சேர்த்துக்கொள்ளலாம்: சராசரி, இடைநிலை அளவு, திட்ட விலக்கம், பத்து மதிப்பெண் அகலத்தில் ஒரு சிறு படம். ஒவ்வொரு தேர்வுக்கும் அதே அகலம், அதே அச்சு அளவு வைத்து வரைந்தால் படங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி ஒப்பிடலாம். ஆ பிரிவில் தனிவகுப்பு பலன் தந்ததா என்ற கேள்விக்கு விடை, முப்பதுகளின் பத்துப் பேர் மார்ச் மாதப் படத்தில் எந்தச் செவ்வகத்தில் இருக்கிறார்கள் என்பதே. அவர்களில் ஆறு பேர் ஐம்பதுகளுக்கு வந்திருந்தால், சராசரி ஒரே ஒரு மதிப்பெண் ஏறியிருந்தாலும், அந்த ஆசிரியரின் உழைப்பு வீண் போகவில்லை.